பல்லவியை எத்தனை முறை அச்சடிப்பது?

எங்கள் தெரு பஜனைக் கோஷ்டிக்குப் பன்னிரண்டு பாட்டுகளில் ஒரு சின்னப் புத்தகம். தட்டச்சு, பக்க அமைப்பு எல்லாம் என் தலையில் விழுந்தது. பாட்டுகள் எல்லாம் ஒரே அளவு: இரண்டு வரிப் பல்லவி, நாலு நாலு வரியாக எட்டுச் சரணம்.

முதலில் ஒவ்வொரு சரணத்துக்குப் பிறகும் பல்லவியை முழுதாகப் போட்டேன். ஏ4 தாளை மடித்த அளவு, பெரியவர்களுக்காக 14 புள்ளி எழுத்து. பக்கத்துக்கு 24 வரிதான் பிடிக்கும். பாட்டுக்கு மூன்று பக்கம் ஆனது. பொருளடக்கத்தோடு 37 பக்கம். மடித்துப் பின் அடிக்கும் புத்தகம் நாலின் மடங்கில்தான் வரும் என்பதால் 40. பாட்டு வரிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, எல்லோருக்கும் இரண்டாம் சரணத்திலேயே மனப்பாடமாகிவிட்ட வரிகள்!

பழைய கீர்த்தனைப் புத்தகங்களில் இதற்கு வழி இருக்கிறது. பல்லவி தலைப்பில் ஒரு முறை. பிறகு சரணத்தின் கடைசி வரி முடிவில், வலது ஓரமாக ஒரு கோடும் பல்லவியின் முதல் சொல்லும். அப்படி மாற்றியதும் பாட்டு இரண்டு பக்கத்தில் அடங்கியது. புத்தகம் 28 பக்கம்.

ஒத்திகையில்தான் குட்டு வெளிப்பட்டது. பொருளடக்கத்துக்கு இரண்டு பக்கம் விட்டிருந்தேன். அதனால் எல்லாப் பாட்டும் வலப்பக்கத்தில் தொடங்கின. ஐந்தாம் சரணத்துக்குத் தாளைப் புரட்டினால் பல்லவி பின்னால் போய்விடுகிறது. "திருப்பித் திருப்பிப் பார்க்கறதுக்குள்ள தாளம் போயிடுதுப்பா" என்றார் மிருதங்க மாமா. பொருளடக்கத்தை ஒரு பக்கத்தில் சுருக்கினேன். பாட்டுகள் இடப்பக்கத்தில் தொடங்கி எதிர்ப்பக்கத்தில் முடிந்தன. மீதமிருந்த இடத்தில் எதிர்ப்பக்கத்தின் தலையிலும் பல்லவியை ஒரு முறை போட்டேன்.

இன்னொரு தப்பு நுணுக்கமானது. ஒரு பாட்டில் சரணத்தின் கடைசி வரி, பொருளிலும் ராகத்திலும் பல்லவியின் இரண்டாம் அடியோடுதான் சேரும். நான் இயந்திரம் மாதிரி முதல் அடியின் சொல்லையே போட்டு வைக்க, கோஷ்டி இரண்டாகப் பிரிந்தது. அந்தச் சொல் எங்கே திரும்ப வேண்டும் என்று காட்டும் கைகாட்டி. பாடிப் பார்க்காமல் அதைப் போடக் கூடாது.

திருப்பாவையில் இந்தச் சுருக்கம் செல்லாது. முப்பது பாசுரமும் 'எம்பாவாய்' என்றே முடிந்தாலும், அது கடைசி அடியின் உறுப்பு. வெட்டினால் யாப்பே உடையும்.

சரண எண்ணை வரிக்கு வெளியே, இடது ஓரத்தில் நிறுத்துங்கள். அப்போதுதான் நாலு வரியும் ஒரே நேரில் தொடங்கும். நீளமான வரி மடிந்தால் மடிந்த பகுதியை உள்தள்ளுங்கள், இல்லையென்றால் அதையும் புது வரியாக எண்ணிப் பாடுவார்கள். சரணம் இரண்டு பக்கத்தில் உடையாமலிருக்க, வேர்டில் கடைசி வரியைத் தவிர மற்ற வரிகளுக்கு `Keep with next` கொடுத்தால் போதும்.

மார்கழி முதல் நாள் 28 பக்கப் புத்தகம்தான் எல்லோர் கையிலும் இருந்தது. மாமா அதைத் திறக்கவே இல்லை. அவருக்கு எல்லாம் மனப்பாடம்.