பரப்பை எழுதும் முன் எல்லைச் சுற்றைப் பாருங்கள்

ஆசிரியர் உரை

டோட்டல் ஸ்டேஷனில் எல்லைக்கற்களின் ஆயத்தொலைவுகளை எடுத்துக் கணினியில் ஏற்றினால் பரப்பு ஒரே எண்ணாக வந்துவிடுகிறது. அந்த எண்ணை அப்படியே அறிக்கையில் சேர்க்கும் வழக்கம் நம் துறையில் ஊறிப்போய்விட்டது. ஆனால் மென்பொருள் மனைக்குள் எதையும் அளப்பதில்லை. எல்லையைச் சுற்றி வந்தே அது பரப்பைச் சொல்கிறது. சுற்று தவறினால் பரப்பும் தவறும். அப்போதும் எந்த எச்சரிக்கையும் வராமல் போகலாம்.

இதற்கு அடிப்படை கிரீன் தேற்றம். 1828-இல் நாட்டிங்ஹாமில் மின்னியல் பற்றிய கட்டுரையை வெளியிட்ட ஜார்ஜ் கிரீனின் பெயரால் இது வழங்குகிறது. தன்னைத்தானே வெட்டாத மூடிய வளைகோட்டை இடஞ்சுழியாகச் சுற்றும்போது,

∮ (P dx + Q dy) = ∬ (∂Q/∂x − ∂P/∂y) dx dy

இடப்பக்கம் இருப்பது எல்லை மீதான கோட்டுத் தொகையீடு, வலப்பக்கம் இருப்பது உள்ளே முழுவதற்குமான இரட்டைத் தொகையீடு. P = −y/2, Q = x/2 என்று எடுத்தால் வலப்பக்க அடைப்புக்குள் 1 மட்டும் மிஞ்சும்; அதன் இரட்டைத் தொகையீடு பரப்பேதான். ஆகவே,

A = ½ ∮ (x dy − y dx)

நேர்கோட்டு எல்லைகளுக்கு இது இன்னும் எளிது. (x₁, y₁) கல்லிலிருந்து (x₂, y₂) கல்லுக்குச் செல்லும் பக்கத்தின் பங்கு ½(x₁y₂ − x₂y₁). எல்லாப் பக்கங்களின் பங்கையும் கூட்டினால் பரப்பு கிடைத்துவிடும்.

மீட்டரில் A(0, 0), B(40, 5), C(45, 35), D(8, 30) என்ற மனையை எடுத்துக்கொள்வோம். AB, DA இரண்டும் ஆதிப்புள்ளியைத் தொடுவதால் அவற்றின் பங்கு சுழி. BC-க்கு 40×35 − 45×5 = 1175. CD-க்கு 45×30 − 8×35 = 1070. கூட்டுத்தொகை 2245, அதில் பாதி 1122.5 சதுர மீட்டர். வலஞ்சுழியாகச் சுற்றினால் இதே எண் எதிர்க்குறியோடு வரும். குறி மாறுவது பிழையல்ல, சுற்றிய திசையைச் சொல்லும் தகவல். மனைக்குள் விலக்கப்பட்ட குளம் இருந்தால் அதன் கரையை எதிர்த்திசையில் சுற்றியே கழிக்கிறோம்.

முதல் பிழை, கற்களின் வரிசை மாறுவது. B, C இரண்டும் பட்டியலில் இடம் மாறி A, C, B, D என்று பதிவானால் கூட்டுத்தொகை −1175 + 1160 = −15, பரப்பு வெறும் 7.5 சதுர மீட்டர். எல்லை இப்போது தன்னையே வெட்டி இரண்டு கண்ணிகளாகப் பிரிந்துவிட்டது. ஒன்று வலஞ்சுழி, சுமார் −283.9, மற்றது இடஞ்சுழி, சுமார் +276.4. இரண்டும் ஒன்றையொன்று கழித்துக்கொள்கின்றன. இங்கே 7.5 என்பதைப் பார்த்ததும் சந்தேகம் வரும். ஐம்பது கற்கள் உள்ள புலத்தில் நடுவில் இரண்டு மாறினால் சிறு பகுதி மட்டுமே குறையும். எண்ணைப் பார்த்து யாரும் கண்டுபிடிக்க முடியாது. பக்கத்துப் பக்கமல்லாத எந்த இரு பக்கங்களும் வெட்டுகின்றனவா என்று சோதிப்பதே வழி.

இரண்டாவது பிழை, சுற்றை மூடாமல் விடுவது. மேற்கண்ட மனையில் கடைசிப் பக்கமான DA-வைக் கூட்ட மறந்தாலும் விடை 1122.5 தான், ஏனெனில் அதன் பங்கு சுழி. பிழை ஒளிந்துகொள்கிறது. எல்லா ஆயத்தொலைவுகளிலும் 100 கூட்டிவிட்டு மறுபடி கணக்கிடுங்கள். நான்கு பக்கங்களையும் கூட்டினால் அதே 1122.5, DA-வை விட்டால் 2222.5. காரணம் நேரடியானது: எல்லா ஆயத்தொலைவுகளிலும் (a, b) கூட்டினால் விடை ½(aΣΔy − bΣΔx) அளவு மாறும். மூடிய சுற்றில் இந்த இரண்டு கூட்டல்களும் சுழியாகிவிடும். ஆகவே இரண்டு வெவ்வேறு ஆதிப்புள்ளிகளில் பரப்பு ஒத்துவந்தால்தான் சுற்று மூடியிருக்கிறது என்று நம்பலாம். முதல் பிழையை இந்தச் சோதனை காட்டிக்கொடுக்காது. வெட்டிக்கொள்ளும் எல்லையும் மூடிய எல்லைதானே. இரண்டு சோதனைகளும் வேண்டும்.

ஒரு வரம்பையும் மறக்கக்கூடாது. தேற்றம் சமதளத்துக்கு உரியது. அட்சரேகை, தீர்க்கரேகைப் பாகைகளை x, y இடத்தில் நேரடியாக இட்டால் வருவது சதுரப் பாகை; அதற்கு நிலத்தில் பொருளில்லை. முதலில் தக்க வீழலுக்கு மாற்ற வேண்டும். அப்போதும் கிடைப்பது வீழல் தளத்தின் பரப்பு. UTM-இல் மைய தீர்க்கரேகை மீது நீள அளவுக்காரணி 0.9996, அங்கே பரப்பு சுமார் 0.08 விழுக்காடு குறைவாக வரும். நம் மனைக்கு அது ஏறத்தாழ 0.9 சதுர மீட்டர்.

இனி இவ்விதழுக்கு வரும் அளவைக் கட்டுரைகளில் பரப்போடு மூன்றையும் சேர்த்து அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறோம்: சுற்றிய வரிசையில் கற்களின் பட்டியல், குறியோடு கூடிய பரப்பு, இரண்டு ஆதிப்புள்ளிகளில் செய்த கணக்கின் விடைகள். இவை இருந்தால் வேறொரு அளவையர் களத்துக்குப் போகாமலேயே உங்கள் எண்ணைச் சரிபார்த்துவிடலாம்.