மருமகன் 'அலாப்பி' எண்ட அந்த வெட்டு

போன கிழமை அக்காவின்ர மகனோட செஸ் விளையாடினன். ஆட்டம் முடிவுக்கு வந்திட்டுது. ரெண்டு ராசாவும் பலகையின் வலது மூலையில். இடது பக்கத்தில் எனக்கு b5இல ஒரே ஒரு வெள்ளைச் சிப்பாய். அவனுக்கு a7இலயும் c7இலயும் ரெண்டு கறுப்புச் சிப்பாய். அவன் a7 சிப்பாயை ஒரே தாவலில் a5இல கொண்டுவந்து வைச்சான். நான் என்ர சிப்பாயைச் சாய்வாக a6இல வைச்சு, a5இல நிண்ட அவன்ர சிப்பாயைத் தூக்கி வெளியில வைச்சன்.

"மாமா, அலாப்பி விளையாடாதீங்க! உங்கட காய் அந்தக் கட்டத்துக்கே வரேல்ல!"

அவனில் பிழை சொல்ல ஏலாது. செஸ்ஸில் வேற எந்த வெட்டிலும் வெட்டுற காய் வெட்டுப்பட்ட காயின்ர இடத்தில் போய் நிற்கும். 'என் பசான்ட்' எண்ட இந்த ஒண்டில மட்டும் நிற்காது. பிரெஞ்சில் அந்தப் பெயருக்கு 'கடந்து போகையில்' எண்டு அர்த்தம். கன பேர் இதை விளையாட்டுக்குள்ள யாரோ ஒட்டவைச்ச விசர் விதி எண்டு நினைக்கினம். எனக்கெண்டால், விசித்திரமான விதி இதில்லை. சிப்பாய் முதல் அடியில் ரெண்டு கட்டம் தாவலாம் எண்டிருக்கே, அதுதான் விசித்திரம்.

பாரசீகத்திலும் அரபு நாடுகளிலும் ஆடப்பட்ட பழைய சத்ரஞ்சில் சிப்பாய் எப்பவும் ஒரு கட்டம்தான் நகரும். ரெண்டு கட்டத் தாவல் நடுக்கால ஐரோப்பாவில் வந்து சேர்ந்தது. அதால ஆட்டத்தின் தொடக்கம் வேகமானது. ஆனால் கூடவே ஒரு ஓட்டையும் வந்தது.

எங்கட பலகையையே பாருங்கோ. தாவல் இல்லாத காலத்தில் அவன் a6க்கு வந்துதான் a5க்குப் போகவேணும். a6க்கு வந்த உடனே என்ர சிப்பாய் அதை வெட்டும். அதாவது b5இல நிற்கிற என்ர காய் அந்தப் பாதைக்குக் காவல். தாவல் வந்த பிறகு அவன் காவலைத் தாண்டிக் குதிச்சு a5இல நிற்கலாம். என் பசான்ட் இல்லாட்டி அந்தச் சிப்பாயை மறிக்க அங்க ஒருத்தரும் இல்லை. இன்னும் நாலு அடியில் அது ராணி. என்ர சிப்பாயோ ஓடவும் ஏலாது, b6க்குப் போனால் c7 வெட்டிப்போடும். விதி இருந்தபடியால் கதை தலைகீழாயிற்று. a6க்கு வந்த என்ர சிப்பாய்க்கு ராணியாக ரெண்டு அடிதான், அவன்ர ராசாவோ கிட்டவும் இல்லை.

கவனிக்க வேண்டிய விசயம் ஒண்டு இருக்கு. அவன் தாவாமல் a6க்கு ஒரு அடி வைச்சு நான் வெட்டியிருந்தாலும் பலகை அச்சொட்டாய் இதே மாதிரித்தான் இருந்திருக்கும். விதி எனக்குப் புதிசா ஒண்டும் தரேல்ல. தாவல் பறிச்சதைத் திருப்பித் தந்தது, அவ்வளவுதான். அடுத்த நகர்த்தலிலேயே வெட்டவேணும், பிந்தினால் உரிமை போயிடும் எண்டதுக்கும் இதுவே காரணம். ஒவ்வொரு அடியாய் வந்திருந்தாலும் a6இல அவன் அகப்படுறது ஒரு தரம்தான். அடுத்ததா a5க்குத் தப்பிடுவான்.

"அப்ப பிஷப்பும் a6இல வெட்டியிருக்கலாம்தானே, அதுக்கு ஏன் இந்த உரிமை இல்லை?" எண்டு மருமகன் கேட்டான். நல்ல கேள்வி. என்ர விளக்கம் இதுதான்: பிஷப், குதிரை, கோட்டை எல்லாம் திரும்பி வந்து துரத்தலாம். சிப்பாய் மட்டும்தான் பின்னால போக ஏலாத காய். பக்கத்தால ஒருத்தன் தாண்டிப் போனால், அதுக்கு அவனைத் திரும்பப் பிடிக்க வழியே இல்லை.

இந்த விதி இல்லாமலும் செஸ் ஆடியிருக்கினம். ஸ்பெயினின் ரூய் லோபஸ் 1561இல வெளியிட்ட புத்தகத்திலேயே இந்த வெட்டு இருக்கு. ஆனால் இத்தாலியர் கன காலம் ஏற்கேல்ல. அங்க சிப்பாய் வெட்டுப்படாமல் தாண்டிப் போகலாம். அதுக்கு 'பஸ்ஸார் பத்தாலியா' எண்டு பெயரும் வைச்சிருந்தவை. 1880இலதான் மற்ற நாடுகளின்ர வழிக்கு வந்தவை.

விதி தெரிஞ்சவையும் சறுக்கிற இடம் ஒண்டு இருக்கு. வெள்ளை ராசா, வெள்ளைச் சிப்பாய், இப்ப தாவி வந்த கறுப்புச் சிப்பாய், கறுப்புக் கோட்டை எல்லாம் ஒரே கிடைவரிசையில் நிண்டால் வெட்டக்கூடாது. ஒரே அடியில் ரெண்டு சிப்பாயும் அந்த வரிசையை விட்டுப் போறதால ராசா நேரே கோட்டையின் முன்னால நிற்பார். வேற எந்த வெட்டிலும் இப்பிடி ரெண்டு காய் ஒரே வரிசையிலிருந்து ஒண்டாய் மறையாது, அதால கண் அதைத் தேடிப் பழகியிருக்காது.

மருமகன் இதெல்லாம் கேட்டு முடிச்சிட்டு, "சரி, ஆனா முதலே சொல்லியிருக்க வேணும்" எண்டான். அதில் நியாயம் இருக்கு. காய்களைத் திருப்பி வைச்சு, அவன் a7ஐ நகர்த்துறதுக்கு முன்னாலயிருந்து தொடங்கினம். இந்த முறை அவன் அந்தச் சிப்பாயைத் தொடவே இல்லை, ராசாவை இடது பக்கமாய் நடத்தத் தொடங்கினான்.