பிள்ளைகளும் நாமும்: காட்டிப் பேசும் நேரம்



வீட்டிலிருந்து ஒரு பொருளைக் கொண்டுவந்து, நண்பர்களுக்குக் காட்டி நாலு வார்த்தை பேசவேண்டும் என்று ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு நேரம் வைக்கிறோம். “பேசம்மா, பேசு” என்றால் மட்டும் பேச்சு வந்துவிடாது. பாதி சொல்லி மீதியைப் பிள்ளையிடம் விடும் வாக்கியங்கள் வேண்டும். மூன்று போதும்:

“இது என் ____.”
“____ தந்தார்.”
“இது ____. அதனால் எனக்குப் பிடிக்கும்.”

வெற்றிடத்தை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் சூட்சுமம். “இதை ____ வாங்கினோம்” என்று கொடுத்தால், கடை என்பதைக் ‘கடையில்’ என்று மாற்றவேண்டியிருக்கிறது. வீட்டில் தமிழ் குறைவாகப் பேசும் பிள்ளை அங்கேயே நின்றுவிடும். “இது என் ____” என்பதில் பந்து பந்தாகவே உட்காரும். “தம்பி தந்தார்” என்று சொன்னால் சிரிக்காதீர்கள், நிறுத்தித் திருத்தவும் வேண்டாம். பிறகு நீங்கள் பேசும்போது, “ஓ, தம்பி தந்தானா?” என்று கேட்டால் போதும்.

இனி அளவுகோல். மூன்றையே பாருங்கள்: கடைசி வரிசைக்குக் கேட்டதா, பொருளைப் பற்றி இரண்டு செய்தி சொன்னதா, நண்பன் கேட்ட ஒரு கேள்விக்குப் பதில் வந்ததா. ஒவ்வொன்றுக்கும் மூன்று படி. நாம் சொல்லித் திருப்பிச் சொன்னால் முதல் படி, வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னால் இரண்டு, தானாகச் சொன்னால் மூன்று. நடுவில் ஒரு மலாய்ச் சொல் வந்தால் படியைக் குறைக்கவேண்டாம். நாம் அளப்பது பேச்சை, தூய தமிழை அல்ல. ஒரு நாளைக்கு நாலு பிள்ளைகள் போதும். அதற்கு மேல் போனால் கேட்கிற பிள்ளைகள் நெளிய ஆரம்பித்துவிடுவார்கள்.

ஒரு பையன் ரப்பர் கொட்டை கொண்டுவருகிறான் என்று வைத்துக்கொள்வோம். “இது என் ரப்பர் கொட்டை. தாத்தா தந்தார். இது அழகு. அதனால் எனக்குப் பிடிக்கும்” என்கிறான். குரல் நன்றாகக் கேட்டது. ஆனால் அவனுக்கு முன் பேசிய மூன்று பேரும் ‘அழகு’ என்றுதானே சொன்னார்கள்? அது மனப்பாடம். இரண்டாம் படிதான். இப்போது ஒரு சிறுமி, “இதை வச்சு என்ன செய்வே?” என்று கேட்கிறாள். பையன் வாய் திறக்கவில்லை. நமக்கோ நாக்கு துறுதுறுக்கும். மனசுக்குள் ஐந்து எண்ணிக் காத்திருங்கள். “சிமெண்டுல தேய்ச்சா சுடும்! அக்கா கையில வச்சேன், கத்திட்டா!”

இதில் நாம் கொடுத்த வாக்கியம் ஒன்றுகூட இல்லை. கேள்விக்கான கட்டத்தில் தயங்காமல் மூன்று போடுங்கள். அடுத்த வாரம் அவனுக்கு மூன்றாவது வாக்கியத்தைக் கொடுக்காமல் விட்டுப் பாருங்கள். திணறினால் திரும்பக் கொடுத்துவிடலாம்.