ஏகாதசியும் ரவை உப்புமாவும்

பெங்களூரின் பல இந்துக் குடும்பங்களில் ஏகாதசியன்று சோறு வடிக்கப்படுவதில்லை. மாலையில் ரவை உப்புமாவோ அவலோ உண்ணப்படுகிறது. இது விரதத்திற்குப் பொருந்துமா என்பது, விலக்கப்படுவது எது என்பதைப் பொறுத்தது.

அன்று பாவம் தானியத்தில் உறைகிறது என்பது வைணவர் கூறும் புராணக் காரணம். அதன்படி விலக்கு தானியம் முழுவதற்கும் உரியது. ரவை கோதுமை, அவல் தட்டிய நெல்லரிசியே. இரண்டும் விலக்கில் அடங்கும். ஜவ்வரிசி மரவள்ளிக் கிழங்கின் மாவுப்பொருள் என்பதால் அடங்காது. ஸ்மார்த்த இல்லங்கள் பல 'அன்னம்' என்பதற்குச் சமைத்த சோறு என்று பொருள் கொள்கின்றன. அவர்களுக்கு உப்புமா குற்றமன்று. மத்வர் மரபோ முழுப் பட்டினியை வலியுறுத்துகிறது. சிராத்தம் அன்று வந்தாலும் அது துவாதசிக்குத் தள்ளப்படுகிறது.

ஆகவே ஒரே உப்புமா ஒரு வீட்டில் விரதம்; மறுவீட்டில் விரதபங்கம். சிக்கல் இந்த வேறுபாட்டில் இல்லை. காரணத்தை மறந்து, சோற்றுக்குப் பதிலாக வயிறு நிறைய உப்புமா உண்பதில்தான் உள்ளது. அங்கே உபவாசம் உணவுமாற்றமாகச் சுருங்குகிறது.

எட்டு வயதுக்குக் குறைந்தோருக்கும் எண்பதைக் கடந்தோருக்கும் மரபே விலக்களிக்கிறது. நீரிழிவுக்கு இன்சுலின் எடுத்துக்கொள்ளும் முதியவர் பட்டினி கிடந்தால் இரத்தச் சர்க்கரை அபாயகரமாகத் தாழலாம். ஜவ்வரிசியை மிகுதியாக உண்டால் அது விரைந்து உயரும். அத்தகையோர் மருத்துவரிடம் கேட்டு அளவாக உண்பது விரதத்திற்கு இழுக்கன்று.