கணக்கெடுப்பில் விடுபடும் தள்ளுவண்டிகள்

2025 ஜனவரியில் கோவை உடையாம்பாளையத்தில் தள்ளுவண்டியில் மாட்டிறைச்சி பிரியாணி விற்ற இணையரைப் பாஜகவைச் சேர்ந்த ஒருவர் மிரட்டும் காணொளி பரவியது. உணவு உரிமை குறித்து நாம் அனைவரும் பேசினோம். ஆனால் இத்தகைய தகராறுகளில் மிரட்டுகிறவரும் காவலரும் மாநகராட்சி ஊழியரும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: “இங்கே கடை போட அனுமதி இருக்கிறதா?” அதற்கான விடை 2014ஆம் ஆண்டின் சாலையோர வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது.

அச்சட்டப்படி ஏற்கெனவே வியாபாரம் செய்பவருக்கான விற்பனைச் சான்றிதழ் கணக்கெடுப்பிலிருந்து பிறக்கிறது. நகர விற்பனைக் குழு ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறையேனும் வியாபாரிகளைக் கணக்கெடுக்க வேண்டும். அதில் இடம்பெற்றவருக்கு அக்குழுவே சான்றிதழ் வழங்க வேண்டும். கணக்கெடுப்பு முடிந்து அனைவருக்கும் சான்றிதழ் தரப்படும்வரை யாரையும் அகற்றக் கூடாது என்கிறது பிரிவு 3(3). ஆக, கையில் சான்றிதழ் இல்லாததாலேயே ஒருவர் சட்டவிரோத வியாபாரி ஆகிவிடுவதில்லை.

ஒரு சூழலை எண்ணிப் பார்ப்போம். பேருந்து நிலையத்தின் பின்புறம் ஒரு பெண் மாலை ஐந்து மணிக்கு வண்டியை நிறுத்தி, இரவு பத்து மணிவரை மாட்டிறைச்சி வறுவலும் தோசையும் விற்கிறார். கணக்கெடுப்பவர் காலை பதினொரு மணிக்கு வந்தால் அங்கே வண்டியும் இருக்காது, அவரும் இருக்க மாட்டார். மாலையில் வந்தாலும் இன்னொரு சிக்கல் உண்டு. வண்டிக்குச் சக்கரம் இருப்பதைப் பார்த்து ‘நடமாடும் வியாபாரி’ என்று எழுதிவிடலாம். பல ஆண்டுகளாக அதே இடத்தில் நிற்பவர் ‘நிலையான வியாபாரி’ என்று பதிவாக வேண்டும். இல்லையேல் அவருக்குக் கிடைக்கும் சான்றிதழே அந்த இடத்தின் மீதான அவரது கோரிக்கையைப் பலவீனமாக்கிவிடும். படிவத்தில் கையெழுத்திடும் முன் அந்த ஒரு வரியைப் படித்துக் காட்டச் சொல்ல வேண்டும்.

விடுபட்டுப் போனால், இரு கணக்கெடுப்புகளுக்கு இடைப்பட்ட காலத்திலும் குழுவிடம் விண்ணப்பிக்கப் பிரிவு 4(2) வழி தருகிறது. ஆனால் சான்றிதழ் தருவது அங்கே குழுவின் விருப்புரிமை. விற்பனைப் பகுதியில் எத்தனை பேருக்கு இடமுண்டு என்பதையும் பார்ப்பார்கள். குழுவின் தலைவர் ஆணையரே என்பதால் மனுவை அவர் பெயருக்கே கொடுத்து, ஒப்புகை பெற வேண்டும். எத்தனை ஆண்டுகளாக அங்கே விற்கிறார் என்பதற்குத் தரைவாடகை ரசீது உதவும். அபராத ரசீதும் உதவும். விரட்டுவதற்காக எழுதப்பட்ட தாளே அவர் அங்கே நின்றதற்குச் சாட்சியாகிறது! தானோ குடும்பத்தினரோ மட்டுமே விற்போம், வேறு பிழைப்பு இல்லை, இடத்தை வாடகைக்கு விடமாட்டோம் என்று உறுதிமொழியும் தர வேண்டும். உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு இதிலிருந்து வேறானது. அது உணவைப் பற்றியது. நிற்கும் இடத்துக்கு அது உரிமை தராது.

பட்டியல் சாதியினருக்கு இச்சட்டம் தருவது என்ன? சான்றிதழ் வழங்குவதில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள் உள்ளிட்டோருக்கு முன்னுரிமை ‘அளிக்கலாம்’ என்றுதான் பிரிவு 7 சொல்கிறது. ‘அளிக்க வேண்டும்’ என்று சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லில் உரிமை சலுகையாகச் சுருங்கிவிடுகிறது. நகர விற்பனைக் குழுவைப் பற்றிய பிரிவு 22 இதைவிட உறுதியானது. உறுப்பினர்களில் 40 விழுக்காட்டுக்குக் குறையாதோர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளாக இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்கள். பட்டியல் சாதியினருக்கு உரிய பிரதிநிதித்துவம் வேண்டும். விற்பனைப் பகுதி எது, தடைசெய்யப்பட்ட பகுதி எது என்ற பேச்சில் குழுவின் குரல் எடுபடும். கோயிலருகே மீன் வறுவல் இருக்கலாம், மாட்டிறைச்சி கூடாது என்று யாரேனும் முணுமுணுக்கும்போது மறுத்துப் பேச ஆள் இருக்க வேண்டிய இடமும் அதுதான். நம் ஊர்க் குழுவின் உறுப்பினர்கள் யார், தேர்தல் எப்போது நடந்தது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்பது மாணவர்கள் இப்போதே செய்யக்கூடிய வேலை.

வண்டியைப் பறிமுதல் செய்தால் பொருட்பட்டியல் தந்தாக வேண்டும். அழுகும் பொருளை உரிமை கோரிய நாளிலேயே திருப்பித் தர வேண்டும். அடுப்பு, பாத்திரம் போன்றவற்றை இரண்டு வேலை நாட்களுக்குள். ஏழு மணிக்கு எடுத்துச் சென்ற வறுவலை நள்ளிரவில் கொடுத்தாலும் சட்டம் நிறைவேறியதாகிவிடும். அன்றைய முதல் போனது போனதுதான். ஆகவே பட்டியலில் சமைத்த உணவின் அளவையும் எழுதச் சொல்லி வாங்குவது நல்லது.

இத்தனையும் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி எல்லைக்குள்தான். இரயில்வே நிலத்துக்கு இச்சட்டம் பொருந்தாது. சட்டம் சொல்லும் உள்ளாட்சி அமைப்புகளில் கிராம ஊராட்சியும் இல்லை. ஊராட்சி எல்லைக்குள் நெடுஞ்சாலையோரம் இட்லி விற்பவருக்குக் கணக்கெடுப்பும் இல்லை, குழுவும் இல்லை. அவர் கடை போடுவது இன்றும் ஊராரின் தயவில்தான்.