வாயிலில் கூட்டம், விசாரணை அறையில் வெற்று நாற்காலி

2022 டிசம்பர் தொடக்கத்தில் ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தின் முதன்மை வாயிலில் மாணவர்கள் திரண்டனர். தாய்லாந்திலிருந்து படிக்க வந்திருந்த மாணவி ஒருவர், இந்தித் துறையின் மூத்த பேராசிரியர் தம்மிடம் பாலியல் வன்முறைக்கு முயன்றதாகப் புகார் அளித்திருந்தார். காவல் துறை பேராசிரியரைக் கைது செய்தது. பல்கலைக்கழகம் அவரைப் பணியிடை நீக்கம் செய்தது. திரண்டவர்களின் குரலுக்குப் பயன் இருந்தது என்பதை மறுக்க வேண்டியதில்லை.

ஆனால் வளாகத் துன்புறுத்தலில் பெரும்பகுதி மூடிய கதவுக்குப் பின்னால் நடப்பதில்லை. ஆய்வகத்திலும் கருத்தரங்கத் தேநீர் இடைவேளையிலும் களப்பணிப் பேருந்திலும் நான்கு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடக்கிறது. அந்த நால்வரும் வாயிலுக்கு வருவார்கள், பதாகை பிடிப்பார்கள், உள்ளகப் புகார்க் குழு சாட்சியாக அழைக்கும் நாளில் ஊருக்குப் போயிருப்பார்கள். கேட்டால், "அவங்களே புகார் கொடுக்கல, நாம என்ன செய்ய முடியும்?" என்பது பதில். நாகரிகமான பதில்தான். சட்டம் தெரியாத பதிலும்கூட.

2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தின்கீழ் அதே ஆண்டு வந்த மத்திய விதிகளில் ஆறாம் விதி, பாதிக்கப்பட்ட பெண் ஏதேனும் காரணத்தால் தாமே புகார் தர இயலாதபோது, நிகழ்வை அறிந்த எவரும் அவருடைய எழுத்துபூர்வ ஒப்புதலோடு புகார் தரலாம் என்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் சற்றே குறுகியவை: உடல், மன இயலாமை அல்லது மரணம் ஆகிய நிலைகளில் மட்டுமே நண்பரும் சக மாணவரும் புகார் தரலாம் என்கின்றன. பார்த்தவரைத் திருப்பி அனுப்ப விரும்பும் குழு குறுகியதை எடுத்துக் காட்டும். அப்போது ஆறாம் விதியை எழுத்தில் சுட்டிக்காட்ட வேண்டியிருக்கும். எந்த வழியானாலும் அடிப்படை ஒன்றே: முடிவு பாதிக்கப்பட்டவருடையது. அவரைக் கேட்காமல் அவருக்காகப் போராடுவது, அவர் கையிலிருந்து இன்னொரு முறை பிடுங்குவதாகும்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. பன்னிரண்டாம் வகுப்பு முடித்து ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பில் சேரும் மாணவர்களுள் பதினெட்டு நிறையாதவர் இருப்பர். அவர் மீதான பாலியல் குற்றம் தெரிந்தால் காவல் துறைக்குத் தெரிவிப்பது போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி கட்டாயம். தெரிவிக்காமல் இருப்பதே குற்றம்.

பார்த்தவர் செய்யக்கூடியது என்ன? ஒரு கற்பனைச் சூழலை வைத்துப் பார்க்கலாம். ஆய்வகத்தில் மாலை ஆறரை மணி. நெறியாளர் முதலாண்டு ஆய்வு மாணவியின் நாற்காலிக்குப் பின்னால் நின்று, திரையைப் பார்க்கும் சாக்கில் தோளில் கை வைக்கிறார். அவர் நாற்காலியை நகர்த்துகிறார். கை மீண்டும் வருகிறது. எதிர் மேசையில் மூன்றாமாண்டு மாணவர் ஒருவர் இருக்கிறார்.

அந்தக் கணத்தில் அவர் வீரம் காட்ட வேண்டியதில்லை. ஒரு தரவுக் கோப்பைப் பற்றிய சந்தேகத்தோடு அந்த மேசைக்குப் போய் நின்றால் போதும். மாணவி கிளம்பும் வரை கிளம்பாதிருந்தால் போதும். பிறகு தனியாக, நேரில், "நான் பார்த்தேன். உங்களுக்கு என்ன செய்தால் உதவியாக இருக்கும்?" என்று கேட்கலாம். வாட்ஸ்அப் குழுவில் கேட்பது உதவியாகாது, அறிவிப்பாகிவிடும். மாணவி "ஒன்றும் வேண்டாம்" என்றால் அதை ஏற்றுக்கொள்ளவேண்டும். பார்த்தேன் என்ற சொல் அவரிடம் சேர்ந்துவிட்டது. அன்றைக்கு அதுவே பெரிது.

அன்றிரவே குறிப்பு எழுதவேண்டும். நாள், நேரம், யார் எங்கே இருந்தார்கள், கை எங்கே பட்டது, நாற்காலி எத்தனை முறை நகர்ந்தது. பேசிய சொற்கள் தெலுங்கோ ஆங்கிலமோ, பேசிய மொழியிலேயே. கண்டது ஒரு பத்தி, கேட்டது ஒரு பத்தி, ஊகித்தது இருந்தால் தனியே. சாட்சியங்கள் பெரும்பாலும் இங்கேதான் சரிகின்றன. "அத்துமீறினார்" என்பது தீர்ப்பு. குறுக்குக் கேள்வியில் நிற்காது. "இருமுறை கை வைத்தார், இருமுறை நாற்காலி நகர்ந்தது" என்பது நிற்கும். இருவர் பார்த்திருந்தால் குறிப்புகளை ஒப்பிட்டுத் திருத்தக்கூடாது. ஒரே சொற்றொடர் இரண்டிலும் வந்தால், சொல்லிக்கொடுத்த சாட்சி என்று எதிர்த்தரப்பு சொல்லும். குறிப்பைச் சொந்த மின்னஞ்சலில் தமக்கே அனுப்பிக்கொண்டால் நாளும் நேரமும் பதிவாகிவிடும். ஆய்வகக் கணினியிலும் பல்கலைக்கழக மின்னஞ்சலிலும் வைப்பது அறியாமை. நடைக்கூடத்தில் கண்காணிப்புக் கேமரா இருந்தால், பழைய பதிவின் மேல் புதியது ஏறுவதற்குமுன் அதைப் பாதுகாக்கக் குழுவின் வழியாக எழுத்தில் கேட்க மாணவியிடம் சொல்லவேண்டும்.

புகாருக்கு நிகழ்ந்த நாளிலிருந்து மூன்று மாதம்; தொடர் நிகழ்வானால் கடைசி நிகழ்விலிருந்து. காரணத்தை எழுதி இன்னும் மூன்று மாதம் வரை குழு நீட்டிக்கலாம். முதல் மாதம் பேசவே முடியாத மாணவிக்கு இரண்டாம் மாத இறுதியில் அந்தக் குறிப்பு தேவைப்படும்.

சாட்சியின் அச்சத்தைக் கோழைத்தனம் என்று ஏசுவது எளிது. உதவித்தொகையின் மாதாந்திர உறுதிப்படுத்தலும் ஆய்வுக் குழு அறிக்கையும் ஆய்வேட்டு ஒப்பமும் ஒரே மனிதரின் கையில் இருக்கும்போது அந்த அச்சம் கணக்குத் தெரிந்த அச்சம். ரகசியம் காக்கப்படும் என்ற உறுதிமொழிக்கும் எல்லை உண்டு. சட்டத்தின் 16ஆம் பிரிவு சாட்சியின் அடையாளத்தை ஊடகத்துக்கும் பொதுவெளிக்கும் வெளியிடுவதைத் தடுக்கிறது. ஆனால் புகாரோடு சாட்சிகளின் பெயரும் முகவரியும் தரப்படுகின்றன. புகாரின் பிரதி எதிர்த்தரப்புக்குப் போகிறது. நெறியாளருக்குப் பெயர் தெரியத்தான் செய்யும். இதை மறைத்துச் சாட்சியை அழைத்துப்போகும் நண்பர்களும் குழு உறுப்பினர்களும் நேர்மையற்றவர்கள்.

ஒளிவு கிடைக்காது என்றால் காப்பைக் கேட்டு வாங்கவேண்டும். மானியக் குழுவின் ஒழுங்குமுறைகளில் அதிகம் வாசிக்கப்படாத ஒரு வரையறை இருக்கிறது: சாட்சியாக நிற்பதும் விசாரணைக்கு ஒத்துழைப்பதும் 'பாதுகாக்கப்பட்ட செயல்'. அதில் ஈடுபட்டவரையும் அவருக்கு நெருக்கமானவரையும் பழிவாங்குவது தடை செய்யப்பட்டிருக்கிறது. இந்தச் சொல்லைச் சாட்சி தம் வாக்குமூலத்தின் முதல் பத்தியிலேயே எழுதிவைக்கவேண்டும். தம் ஆய்வின் மதிப்பீட்டை வேறொருவரிடம் மாற்றும்படியும் அங்கேயே கேட்கவேண்டும். அதற்கு முன்பே, அதுவரையிலான முன்னேற்ற அறிக்கைகளையும் ஆய்வுக் குழுக் கூட்டக் குறிப்புகளையும் பிரதியெடுத்து வெளியே வைத்திருக்கவேண்டும். ஐந்து அரையாண்டு "திருப்தி" என்றிருந்த பணி, வாக்குமூலத்துக்கு அடுத்த மாதம் "திருப்தியற்றது" ஆனால், பழிவாங்கலுக்கு அந்தத் தாள்களைவிடத் தெளிவான சான்று கிடையாது.

இந்தக் காப்பு தானாக நடைமுறைக்கு வந்துவிடும் என்று நம்ப ஹைதராபாத் இடம் தரவில்லை. 2023 அக்டோபரில் ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு மாணவி தாக்கப்பட்டதாகப் புகார் எழுந்து மாணவர்கள் போராடினர். ஒழுங்கான புகார்க் குழு வேண்டும் என்பது அவர்களின் கோரிக்கைகளில் ஒன்று. போராடிய மாணவர்கள் மீதே வழக்குப் பதிவானது. உடன் நின்றவரைக் குற்றவாளியாக்கிவிட்டு, "சாட்சி சொல்ல யாரும் முன்வருவதில்லை" என்று விழிப்புணர்வுக் கூட்டங்களில் நிர்வாகங்கள் வருந்துவதைப் போன்ற பாசாங்கு வேறில்லை.

பேராசிரியர்களின் மௌனத்துக்கு இந்த மன்னிப்பு எதுவும் பொருந்தாது. நிரந்தரப் பணியும் ஓய்வூதியமும் உள்ள சக பேராசிரியர், "அவர் அப்படித்தான், கொஞ்சம் தள்ளியே இருங்கம்மா" என்று மாணவியரை எச்சரித்துவிட்டுத் தம் அறைக்குப் போகிறார். எச்சரிக்கத் தெரிந்தவருக்கு நடப்பது தெரியும். தெரிந்ததை நாளும் பெயரும் இட்டு, மாணவியின் ஒப்புதலோடு, குழுவின் தலைவருக்கு எழுதி, பெற்றுக்கொண்டதற்கான வரவு எண்ணை வாங்கிவர அவருக்கு ஆகும் நேரம் ஒரு வகுப்பு நேரம். குழு விசாரணையை முடிக்கச் சட்டம் தந்திருப்பது 90 நாள். அந்த 90 நாளும் ஆய்வகத்தில் தனியே உட்கார வேண்டியிருப்பது மாணவிதான். பக்கத்து மேசைக்கு ஒரு மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு போய் உட்கார எந்த விதியின் அனுமதியும் தேவையில்லை.