மாப்பிள்ளையின் பாலிசியும் மகளின் பிரசவமும்

தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்கு வருவது திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கம் இன்னும் மாறவில்லை. வளைகாப்பு முடிந்த கையோடு அவள் சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வருகிறாள். பெட்டியில் ஸ்கேன் ரிப்போர்ட்டுகளோடு காப்பீட்டு அட்டையும் வருகிறது. கூடவே வீட்டுப் பெரியவர்களின் பேச்சு ஒன்றும் வரும்: “மாப்பிள்ளை அஞ்சு லட்சத்துக்கு ஃபேமிலி பாலிசி வச்சிருக்கார். வருஷக்கணக்கா கட்டிட்டு வர்றார். கார்டைக் காட்டினா போதும்.” கம்பெனிக்கு ஒரு வரி எழுதிக் கேட்டு விடலாமே என்றால், “எதுக்கு? நாமே போய் அவங்களை உஷார்படுத்தணுமா?” என்று பதில் வரும். இந்தப் பேச்சில் நாலு தப்புக் கணக்குகள் ஒளிந்திருக்கின்றன.

முதல் கணக்கு, பாலிசி இருந்தால் பிரசவமும் அதில் அடங்கும் என்பது. உண்மை நேர்மாறானது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வகுத்த பொதுவான விலக்குகளின் பட்டியலில் மகப்பேறு 18ஆம் எண்ணில் வருகிறது. சிசேரியனும் சிக்கலான பிரசவமும் அந்த விலக்குக்குள்தான். கருக்குழாயில் கரு தங்கிவிடும் நிலை மட்டும் அதற்கு வெளியே. ஆக, பாலிசியில் மகப்பேறு தனிப் பலனாக எழுதப்பட்டிருந்தால்தான் பணம். இல்லையென்றால் அஞ்சு லட்சமும் ஐம்பது லட்சமும் ஒன்றுதான். “சிசேரியன் ஆபரேஷன்தானே, ஆபரேஷனுக்குக் கிடைக்காதா?” என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில்.

இரண்டாவது கணக்குதான் அதிகம் பேரைக் கவிழ்ப்பது: “மூணு வருஷம் ஆச்சு.” யாருக்கு ஆச்சு? காத்திருப்புக் காலம் குடும்பத்துக்கு மொத்தமாக ஓடுவதில்லை. ஒவ்வொருவரும் பாலிசிக்குள் வந்த நாளிலிருந்து தனித்தனியாக ஓடும். ஓர் உதாரணத்தை வைத்துப் பார்ப்போம். மாப்பிள்ளை 2022 ஜூன் 10 அன்று பாலிசி எடுக்கிறார். 2023 செப்டம்பரில் கல்யாணம். மனைவியின் பெயரை 2024 ஜூன் 10 ரினியூவலின்போது சேர்க்கிறார். பாலிசியில் மகப்பேறுக்குக் காத்திருப்பு 24 மாதம். டாக்டர் சொன்ன தேதி 2026 ஏப்ரல் கடைசி. மாப்பிள்ளையின் கணக்கில் நாலாவது வருஷம் ஓடிக்கொண்டிருக்கிறது. கம்பெனியின் கணக்கிலோ மனைவிக்கு 2026 ஜூன் 9 அன்றுதான் 24 மாதம் நிறைகிறது. ஆறேழு வாரத்தில் மொத்தமும் போகிறது.

சில பாலிசிகளில் இன்னும் நுணுக்கமாக, கணவன் மனைவி இருவரும் சேர்ந்து 24 மாதம் இடைவிடாமல் பாலிசியில் இருந்திருக்க வேண்டும் என்று எழுதியிருப்பார்கள். கல்யாணமான சில வாரங்களுக்குள் ரினியூவலுக்குக் காத்திராமல் மனைவியைச் சேர்க்க இடம் தரும் பாலிசிகளும் உண்டு. மேலே சொன்ன மாப்பிள்ளையின் பாலிசி அப்படிப்பட்டதாக இருந்து, 2023லேயே சேர்த்திருந்தால், ஏப்ரல் பிரசவம் தாராளமாக உள்ளே வந்திருக்கும். முதல் குழந்தைக்குப் பணம் வாங்கியபின் இரண்டாவதற்குக் காத்திருப்பு புதிதாகத் தொடங்கும் பாலிசிகளும் இருக்கின்றன. அடுத்ததைப் பற்றி யோசிப்பவர்கள் அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு இடத்தில் பெரியவர்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். வேலை பார்க்கும் கம்பெனி எடுத்துத் தரும் குரூப் பாலிசிகள் பலவற்றில் மகப்பேறுக்குக் காத்திருப்பே கிடையாது. அங்கே கேட்க வேண்டியது தொகையை மட்டும்தான்.

தொகை என்றதும் மூன்றாவது கணக்கு: “அஞ்சு லட்சம் இருக்கே.” அந்த அஞ்சு லட்சம் காய்ச்சலுக்கும் விபத்துக்கும். மகப்பேறுக்கு அதற்குள்ளேயே ஒரு சின்ன வரம்பு இருக்கும், சப்-லிமிட் என்பார்கள். சுகப்பிரசவத்துக்கு ஒன்று, சிசேரியனுக்கு ஒன்று என இரண்டாகப் பிரித்திருப்பதும் வழக்கம். உதாரணத்துக்கு 25,000, 40,000 என்று வைத்துக்கொள்வோம். சிசேரியன் பில் 85,000 ஆனால் 45,000 கையிலிருந்து. தமிழ்நாட்டில் 2019–21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தனியார் மருத்துவமனைப் பிரசவங்களில் 63.8 சதவீதம் சிசேரியன். அதனால் சுகப்பிரசவ வரம்பை மட்டும் கேட்டுவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது.

இதைவிடப் பெரிய ஓட்டை குழந்தை பக்கம் இருக்கிறது. குறைமாதமாகப் பிறந்து என்.ஐ.சி.யூ.வில் பத்து நாள் வைத்தால், பிரசவச் செலவே சின்னதாகிவிடும். சில பாலிசிகளில் தாயின் பிரசவத்துக்குப் பணம் ஏற்கப்பட்டால்தான் பச்சிளங்குழந்தைக்கும் பலன் உண்டு. அப்படியென்றால் காத்திருப்பு நிறையாத அந்த ஆறேழு வாரம் தாயோடு நிற்காது. குழந்தையின் பில்லையும் இழுத்துக்கொண்டு போகும். குழந்தைக்கான பணம் மகப்பேறு வரம்புக்குள் வருகிறதா, தனியாகவா, பிறந்து எத்தனை நாளுக்குள் பெயர் சேர்க்க வேண்டும் என்பதையும் கம்பெனிக்கு எழுதும் கடிதத்திலேயே கேட்டுவிட வேண்டும்.

நாலாவது கணக்கான “ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் டெஸ்க்கில் பார்த்துச் சொல்வாங்க” என்பதைச் சுருக்கமாகவே முடிக்கலாம். அவர்கள் அட்டை செல்லுமா, தங்கள் மருத்துவமனை நெட்வொர்க்கில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சென்னையில் நெட்வொர்க்கில் இருக்கும் மருத்துவமனையைப் போல் கடலூரிலோ சிதம்பரத்திலோ ஒன்று இருக்க வேண்டும் என்பதில்லை. 2024 ஜனவரி முதல் பட்டியலில் இல்லாத மருத்துவமனையிலும் கேஷ்லெஸ் கேட்க வழி உண்டு. ஆனால் திட்டமிட்டுச் சேர்வதற்கு 48 மணி நேரம் முன்னால் கம்பெனிக்குத் தகவல் போக வேண்டும். அதுவும் பாலிசிப்படி பணம் பெறத் தகுதி இருந்தால்தான். ஏஜென்ட் போனில் சொன்ன ‘கிடைக்கும் சார்’ தகராறு வரும்போது ஆவணமாக நிற்காது.

கடைசியாக அந்த உஷார்ப் பயம். கேட்டால் கம்பெனி என்ன செய்துவிட முடியும்? காத்திருப்பும் வரம்பும் பாலிசி எழுதிய நாளிலேயே முடிவானவை. பணம் வாங்கினார் என்பதற்காக ரினியூவலை மறுக்கக் கூடாது என்பதும் ஆணையத்தின் விதி. உஷாராக வேண்டியவர்கள் நாம்.

கேட்பது ஏழாம் மாதத்துக்கு முன்பே நடக்கட்டும். பாலிசி வைத்திருப்பவர் பெயரில், பதிவான மின்னஞ்சலிலிருந்து, பாலிசி எண்ணும் எதிர்பார்க்கும் தேதியும் போட்டு, இப்படி எழுதலாம்: “இந்த நாளில் என் மனைவிக்கு மகப்பேறுக் காத்திருப்பு முடிந்திருக்குமா? எந்த நாளிலிருந்து எண்ணுகிறீர்கள்? சுகப்பிரசவம், சிசேரியன் இரண்டுக்கும் வரம்பு எவ்வளவு? அதில் பரிசோதனைச் செலவும் குழந்தைச் செலவும் சேருமா? பாலிசியின் எந்தப் பிரிவில் இது இருக்கிறது?” அந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிடக் கூடாது. ‘பாலிசி விதிமுறைகளுக்கு உட்பட்டு’ என்று மட்டும் வரும் பதில் பதிலே அல்ல. பிரிவு எண் கேட்டுத் திரும்ப எழுத வேண்டும். பாலிசியோடு வரும் வாடிக்கையாளர் தகவல் தாளோடு பதிலை ஒத்துப் பார்த்துவிடலாம். எழுதி வாங்கியதால் பணம் உறுதி என்று ஆகாது. நடுவில் ரினியூவல் தவறினால் எல்லாம் மாறும். ஆனால் எழுதிக் கொடுத்ததற்கு மாறாக மறுத்தால், முதலில் கம்பெனிக்கு, பிறகு சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு எடுத்துப் போக அந்தக் காகிதம் கையில் இருக்கும்.

பதில் ‘கிடையாது’ என்றே வரலாம். ஏழாம் மாதத்திலேயே தெரிந்துவிட்டால், பணம் சேர்க்கவும் மருத்துவமனையை மாற்றவும் அவகாசம் உண்டு. கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையிலும் சிதம்பரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் பிரசவமும் சிசேரியனும் இலவசம். அங்கே போவதென்றால் வலி வந்தபின் பில்லுக்குப் பயந்து ஓடுவதைவிட, முன்பே பதிந்து ஓரிரு பரிசோதனைகளையாவது அங்கேயே முடித்துக்கொள்வது நல்லது.